யாரிடமிருந்து காக்கும் பள்ளி

எங்கள் பள்ளியின் சேர்க்கை வாசகத்தை ஒவ்வோர் ஆண்டும் நான்தான் எழுதுவேன். தமிழ் நன்றாக வரும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் சின்னப் பள்ளி அது. எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கூனிமேட்டில் கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு பழைய வேன் இருக்கிறது. தாளாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயிலில், அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பெரிய பள்ளி வந்திருந்தது. ஏசி பஸ், நீச்சல் குளம், முகப்பில் பதினைந்து பிள்ளைகளின் படம், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மதிப்பெண்.

"மார்க்குல நாம அவங்களோட நிக்க முடியாது மிஸ். வேற மாதிரி போவணும். நேத்து பாண்டி போயிருந்தேன். அங்க ஒரு ஸ்கூல் போர்டுல மார்க்கே இல்ல. அன்பு, ஆர்வம்னு போட்டிருக்கான். பாக்கறதுக்கே நல்லா இருக்குது. அந்த மாதிரி எதுனா எழுதுங்க."

"நாம அப்படி நடத்துறமா சார்?" என்று கேட்டேன்.

"நடத்தாம என்ன? நம்ம பிள்ளைங்கள நாம அடிக்கிறமா? எழுதுங்க, பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். சேர்க்கைப் பலகைக்கு வாசகம் எழுதுவதில் சில கணக்குகள் இருக்கின்றன. பலகையைப் படிக்கிறவர் பஸ்ஸிலோ பைக்கிலோ போய்க்கொண்டிருப்பார். நான்கு சொல்லுக்கு மேல் அவர் கண்ணில் தங்காது. மேலே அந்த நான்கு சொல், நடுவில் பள்ளியின் பெயர், கீழே சேர்க்கை நடைபெறுகிறது என்ற வரி, போன் நம்பர். விளக்கமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் வீடு வீடாகக் கொடுக்கும் நோட்டீஸில் வரும். பெரும்பாலும் தாய்மார்கள்தான் அதைப் படிப்பார்கள், அடுப்படியில் நின்றுகொண்டு.

'மதிப்பெண்ணைவிடப் பெரியது உங்கள் பிள்ளை' என்று எழுதி அடித்தேன். நீளம். 'கேள்விகளோடு வாருங்கள்' என்று எழுதினேன். அது பெற்றோரைக் கேள்வி கேட்கச் சொல்வது போல இருந்தது. தாளாளர் பதறிப்போவார். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது தானாக வந்து விழுந்தது: 'கேட்கும் பிள்ளை, காக்கும் பள்ளி.' கையைத் துடைத்துவிட்டு எழுதினேன். எதுகையும் இருந்தது, பொருளும் இருந்தது. எனக்கே சிலிர்த்தது. தாளாளர் படித்துவிட்டு மேசையைத் தட்டினார்.

"இதான் மிஸ். இதுக்குத்தான் உங்கள கூப்பிடறது."

அடுத்த நாள் பள்ளி விட்டதும் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடை வைத்திருக்கும் தம்பி பல வருடங்களாக எங்களுக்குச் செய்து தருகிறவர். கம்ப்யூட்டர் முன்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்.

"புதுசா டிசைன் பண்ண வேணாம் மிஸ். பழைய ஃபைல் இருக்குது. பேரு, போன் நம்பர், எம்ப்ளம் எல்லாம் அதுலயே இருக்கும். எழுத்து மட்டும் மாத்திக்கலாம்."

ஒரு ஃபைலைத் திறந்தார். அது சரியில்லை என்று மூடினார். இன்னொன்றைத் திறந்தார். அது திரையில் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தது. முதலில் நீல வானம், பிறகு பள்ளியின் பெயர், அப்புறம் ஒரு சிறுமியின் முகம்.

இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொல்லியிருப்பார். அவள் உதட்டை மட்டும் கொஞ்சம் இழுத்திருந்தாள். கண் சிரிக்கவில்லை. முகத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்தில், 'எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு. இவள் எங்கள் பெருமை, நாளை உங்கள் பிள்ளை.'

அந்த வரியையும் நான்தான் எழுதியிருந்தேன்.

"இதுவா மிஸ்? இது ரொம்ப பழசு" என்று அந்தத் தம்பி மூடப் போனார். "இருங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த முகத்தை நான் பார்த்துப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அவள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. எனக்குத்தான் அந்த முகம் இல்லாமல் போயிருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

அவள் உப்பளத்தில் வேலை செய்யும் தம்பதியின் மகள். எல்.கே.ஜி.யிலிருந்து எங்களிடம்தான் படித்தாள். ஐந்தாம் வகுப்பில் நான் அவளுக்கு வகுப்பு ஆசிரியை. ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். பாடத்தில் இருப்பதையும் கேட்பாள், இல்லாததையும் கேட்பாள். அந்த வருடம் காலாண்டில் எல்லாவற்றிலும் நூறு வாங்கினாள். பள்ளி தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, பிள்ளைகள் சேரவில்லை. தாளாளர் அவளைப் படமெடுத்துப் போடலாம் என்றார். அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "போடுங்க சார், போடுங்க" என்றார். பொங்கல் கழிந்ததும் பலகை வைத்தோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்தில்.

அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்தினாள். ஒரே நாளில் நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. நான் கவனித்தபோது நின்று போயிருந்தது. விடை எழுதுவாள், எச்சில் தொட்டு அழிப்பாள், மறுபடி எழுதுவாள், தாள் கிழியும்வரை. பரீட்சை நாளில் வயிற்று வலி என்று பெஞ்சில் சுருண்டு கிடப்பாள். ஆண்டுத் தேர்விலும் நூறுதான். நாங்கள் கை தட்டினோம்.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனாள். அங்கே இவளைப் போல நிறையப் பேர். மதிப்பெண் இறங்கியது. அந்தப் பலகை மட்டும் இறங்கவில்லை. தாளாளர் அதை எடுக்கச் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. தினமும் காலையில் தன் முகத்துக்கு எதிரே நின்றுதான் அவள் பஸ் ஏற வேண்டியிருந்தது. நிறுத்தத்தில் நிற்பவர்கள் பலகையைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள். "போர்டுல வந்த பொண்ணுதானே நீ? இப்ப எவ்ளோ மார்க்கு?" என்று கேட்பார்கள். ஒருமுறை என் காதிலேயே விழுந்தது. நானும் அந்த நிறுத்தத்தில்தான் இறங்குவேன்.

ஒருநாள் காலையில் இறங்கியபோது பலகையில் முகம் இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை. சடை, ரிப்பன், காலர் எல்லாம் அப்படியே இருந்தன. முகம் இருந்த இடத்தில், அந்தப் பக்கத்து வேலிக்காத்தான் செடி தெரிந்தது. போட்டிப் பள்ளிக்காரர்களின் வேலை என்று தாளாளர் கத்தினார். நான் ஒன்றும் பேசவில்லை. வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. கைவேலைப் பாடத்தில் காகிதப் பூ வெட்டும்போது கோடு பிசகாமல் வெட்டுகிற பிள்ளை என் வகுப்பில் ஒன்றுதான் இருந்தது.

பலகையைக் கழற்றினார்கள். அது யார் யார் கைக்கோ போனது. கீற்றோடு சேர்த்து உப்புக் குவியலை மூட இந்தப் பக்கம் பழைய ஃப்ளெக்ஸையும் போடுவார்கள். மழைக்கு முந்தின மாதத்தில், பஸ் உப்பளத்தைத் தாண்டும்போது, வரிசையாக மூடியிருந்த குவியல்களில் ஒன்றின் மேல் அந்த நீல வானத்தைப் பார்த்தேன். ஓட்டை வழியாக உப்பு தெரிந்தது. ரிப்பன் கட்டின இரண்டு சடைக்கு நடுவில் வெள்ளையாக உப்பு. பஸ் போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் நான் கடல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். உப்பை அள்ளி முடித்து, குவியல்கள் கரைந்து, அடுத்த பருவம் வந்த பிறகும் உப்பளப் பக்கம் நான் உட்காரவில்லை. கண்ணை மூடினால் சடை வரும், காலர் வரும், முகம் மட்டும் வராது.

ஒன்பதாம் வகுப்பில் அவள் நின்றுவிட்டதை அவள் அம்மா பஸ் நிறுத்தத்தில் சொன்னாள். "போவ மாட்டேங்குறா மிஸ். புக்க எடுத்தாலே கை நடுங்குதுங்குறா. எங்களோட அளத்துக்கு வரேங்குறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பா." நான் "ஐயோ, வரேம்மா" என்றேன். என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பிறகு போகவில்லை.

இப்போது கடையில், கம்ப்யூட்டரில், அந்த முகம் முழுதாக இருந்தது.

"இத வெச்சே பண்ணிடலாமா மிஸ்? பொண்ணு படத்த மட்டும் எடுத்துடறேன்" என்று அந்தத் தம்பி கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். முகம் போனது. நான் கொடுத்த தாளைப் பார்த்துப் புது வரியை அதே இடத்தில் அடித்தார். 'கேட்கும் பிள்ளை, காக்கும் பள்ளி.' அதே மஞ்சள் எழுத்தில்.

"பிரிண்ட் குடுக்கட்டுமா?"

"வேணாம். ப்ரூஃப் மட்டும் ஒரு தாள்ல எடுத்துக் குடுங்க. நாளான்னைக்கு சொல்றேன்."

சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் உப்பளத்துக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவா? அப்படிச் சொன்னால் அது முழு உண்மை இல்லை. அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அதை அச்சுக்குக் கொடுக்க யாராவது சம்மதம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சம்மதம் சொல்லத் தகுதியுள்ள ஆள் ஒருத்திதான்.

வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. வரப்பு மேல் நடக்கும்போது கீழே தண்ணீரில் என் நிழல்கூட விழவில்லை, எல்லாம் வெள்ளை. விடியலில் தொடங்கிய வேலை முடியும் நேரம். பெண்கள் கடைசிக் கூடைகளைத் தலையில் தூக்கிக் குவியலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள், கண் மட்டும் தெரிந்தது. யார் அவள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாங்க மிஸ்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் துணியை அவிழ்த்தாள். இருபது தாண்டிய பெண். கன்னம் வறண்டு, உதட்டோரம் வெடித்திருந்தது. கடையில் பார்த்த முகத்தை இதில் தேடினேன். கண் மட்டும் அதுதான்.

"எப்டி இருக்கீங்க மிஸ்? இங்க யார பாக்க வந்தீங்க?"

"உன்னத்தாம்மா."

அவள் குவியலின் நிழலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். பாட்டில் தண்ணீரை எனக்குத்தான் முதலில் நீட்டினாள். பையிலிருந்து ப்ரூஃப் தாளை எடுத்துக் கொடுத்தேன். விரல்களைப் புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"'கேட்கும் பிள்ளை, காக்கும் பள்ளி.'" தடங்கல் இல்லாமல் படித்தாள். "நீங்க எழுதனதா?"

"ஆமா."

"தெரியுது. உங்க எழுத்துல சத்தம் எப்பவும் நல்லா இருக்கும்."

அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே நோட்டீஸுக்கான வரிகளும் இருந்தன: 'மதிப்பெண் எங்கள் நோக்கமல்ல, மலர்ச்சியே எங்கள் நோக்கம். ஆர்வத்தை வளர்ப்போம், அன்பால் அணைப்போம்.' அதையும் உதடு அசையப் படித்தாள். பிறகு விரலை மேலே கொண்டுபோய் முதல் வரியில் வைத்தாள்.

"காக்கும்னு போட்டிருக்கீங்களே மிஸ், யார்கிட்டேர்ந்து?"

நான் அவள் விரல் இருந்த சொல்லைப் பார்த்தேன்.

"படம் யாருது வருது?" என்று கேட்டாள்.

"யார் படமும் இல்ல."

"சரி." சற்று நேரம் தாளைப் பார்த்தாள். "என் படம் போடும்போது யாரைக் கேட்டீங்க?"

"உங்கப்பாகிட்ட கேட்டோம்மா."

"ஆமா, அப்பா ரெண்டு நாளு தூங்கல சந்தோசத்துல." கோபமாக இல்லை, நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா நானும் போடுங்கன்னுதான் சொல்லிருப்பேன். சின்னப் புள்ளதானே. ஆனா கேக்கல."

"அத வெட்டனது..."

"நாந்தான். ப்ளேடால. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க காட்டிக் குடுப்பீங்கன்னு ஒரு வாரம் பயந்துகினே இருந்தேன். சொல்லல. அது ஒண்ணுதான் நீங்க செஞ்சது."

என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முந்தானையால் துடைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் அவள் அம்மா வரப்பில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.

"மிஸ், அஞ்சாவது படிக்கும்போது, போர்டு வெச்ச அடுத்த வாரம், உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க கரும்பலகையில எழுதிகினு இருந்தீங்க. திரும்பிப் பாக்காமயே, 'அது பரீட்சைக்கு வராது, நீயே இப்படிக் கேக்கலாமா, ஒக்காரு'ன்னீங்க. ஞாபகம் இருக்குதா?"

இல்லை. எவ்வளவு தேடியும் அந்த நாள் எனக்குள் இல்லை. கரும்பலகை, சாக்பீஸ், எல்லா நாளையும் போல ஒரு நாள்.

"என்னம்மா கேட்ட?"

அவள் தாளை நான்காக மடித்தாள், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. என்னிடம் நீட்டினாள்.

"வேணாம் மிஸ். இப்ப சொன்னா பதில் சொல்லிட்டுப் போய்டுவீங்க."

பிறகு துணியை மறுபடி முகத்தில் கட்டிக்கொண்டாள். "வெயில் ஏறுது, பாத்து போங்க. வரப்பு வழுக்கும்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்துவிட்டாள். பத்தடி தாண்டியதும் அத்தனை பேரில் யார் அவள் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் நான் அந்தக் கேள்வியைத் தேடினேன். பழைய ஐந்தாம் வகுப்புப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. ஒவ்வொரு பாடமாகப் புரட்டி, இந்த இடத்தில் கேட்டிருப்பாளோ, இந்த இடத்திலோ என்று பார்த்தேன். குக்கர் விசில் எத்தனை வந்தது என்று மறந்தேன். என் கணவர் "என்னாச்சு உனக்கு?" என்று கேட்டபோது, "அது இப்ப வேணாம்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் திரும்பிப் பார்க்காமல் சொன்னது எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை தாளாளர் அறைக்கு வேறு தாளோடு போனேன். மேலே இரண்டே சொல்: 'பிள்ளைகள் கேட்கட்டும்.' நோட்டீஸில் போட வேண்டிய வரிகளைக் கீழே எழுதியிருந்தேன்: 'எல்.கே.ஜி. சேர்க்கைக்குத் தேர்வு கிடையாது. எந்த வகுப்பிலும் ராங்க் கிடையாது. பிள்ளையின் படத்தையும் மதிப்பெண்ணையும் விளம்பரத்தில் போட மாட்டோம். உங்கள் பிள்ளை இன்று என்ன கேட்டது என்று மாலையில் ஆசிரியரைக் கேளுங்கள்.'

அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"அந்த காக்கும் பள்ளி எங்க மிஸ்? எவ்ளோ நல்லா இருந்துச்சு."

"அது நம்மால முடியுமான்னு தெரியல சார். இது முடியும்."

"தேர்வு இல்லங்கறது சட்டமே அதான், சரி. ராங்க் இல்லன்னா பெத்தவங்க நம்மள சும்மா விடுவாங்களா? அப்புறம் இந்தக் கடைசி வரி. நெஜமாவே சாயங்காலம் வந்து கேட்டான்னா?"

"அதுக்குத்தான் சார் போடறது. கேட்டா சொல்லணும். சொல்லணும்னா வகுப்புல நாம காது குடுத்திருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "போர்டுல வந்த அந்தப் பொண்ணு... அது இப்ப எங்க இருக்குது?"

சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் நோட்டீஸின் அடியில் 'வேன் வசதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கடைக்காரத் தம்பியிடம் அந்தப் பழைய ஃபைலை அழிக்கச் சொன்னேன். என் முன்னாலேயே அழித்தார். புது ஃபைலில் வானம் இல்லை, முகம் இல்லை, வெள்ளையில் கறுப்பு எழுத்து. "காலியா இருக்குதே மிஸ், ஒரு பட்டாம்பூச்சியாவது போடட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

அந்த வருடம் எல்.கே.ஜி.யில் குறைவாகத்தான் சேர்ந்தார்கள். ராங்க் இல்லாவிட்டால் பையன் படிக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டு இரண்டு வீட்டார் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் வாசலில் வந்து கேட்கிறவர்களும் இருந்தார்கள். முதலில் விளையாட்டாகக் கேட்டார்கள். "மிஸ், இன்னைக்கு என் பொண்ணு இன்னா கேட்டுச்சு?" யு.கே.ஜி. மிஸ் தெரியாமல் ஏதோ ஒன்றைக் கட்டிச் சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தை அவள் இடுப்புக்குப் பக்கத்தில் நின்று, "நான் அத கேக்கல" என்றது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டோம். கேட்டவுடன் குறித்துவிட வேண்டும். மீனுக்குத் தண்ணீர் குடிக்கத் தாகம் எடுக்குமா? கல்லறையில் லைட் ஏன் போடவில்லை? பள்ளிவாசலில் பாங்கு சொல்பவருக்கு ஜலதோஷம் பிடித்தால் என்ன செய்வார்? தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்துத் தேடுவோம்.

பிள்ளைகள் போன பிறகு எல்லா வகுப்பு நோட்டையும் நான் வாங்கிப் படிப்பேன். மேற்பார்வை என்று மற்ற ஆசிரியைகள் நினைத்தார்கள். அவளுடைய கேள்வியைத் தேடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. இதுவாக இருக்குமோ என்று சில வரிகளில் நின்றுவிடுவேன். தெரிந்துகொள்ள வழியில்லை.

போன கார்த்திகையில் ஒருநாள். மழை இருட்டு. கணக்குப் பாடம் பாதியில் இருந்தது, அரையாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் பலகையில் கழித்தல் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "மிஸ், ஒண்ணு கேக்கணும்" என்று ஒரு குரல் வந்தது. "அது பரீட்சைக்கு..." என்று என் வாய் சொல்லிவிட்டது. சாக்பீஸ் பலகையில் அப்படியே நின்றது. இதே பலகை, இதே முதுகு. திரும்பினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி பாதி எழுந்து, பாதி உட்கார்ந்தபடி இருந்தாள்.

"கேளும்மா. தப்பு என்னுதுதான். கேளு."

அவள் யோசித்தாள். கீழே பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "மறந்துட்டேன் மிஸ்" என்றாள். மெல்ல யோசி என்றேன். பெல் அடிக்கும்வரை காத்திருந்தேன். வரவில்லை.

நாலு மணிக்கு அவள் அம்மா குடையோடு வாசலில் நின்றாள். மீன் ஏலத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கூடை ஸ்கூட்டியில் கட்டியிருந்தது. மகளின் பையை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்கு இன்னா கேட்டா மிஸ்?"

நோட்டு என் கையில் இருந்தது. அந்தத் தேதியில் அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. எதையாவது சொல்லியிருக்கலாம், மகளுக்கே மறந்துபோனது அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை.

"ஒண்ணு கேக்க வந்தாம்மா. நான் கேக்க விடல. அப்புறம் அவளுக்கு மறந்துபோச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், பட்டாலும் சரியென்று இருந்தது. மகளைத் தூக்கி ஸ்கூட்டியில் உட்கார வைத்து, குடையை அவள் கையில் கொடுத்தாள்.

"சரிங்க மிஸ். வூட்ல வந்து கேட்டான்னா, நாளைக்கு வந்து உங்ககிட்ட சொல்லச் சொல்றேன்."

அவர்கள் போனார்கள். மழை வலுத்தது. வேன் டிரைவர் கேட்டை மூட வரும்வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.